அழுகிய முட்டை வாடையும் ஒரு கந்தக மருந்தும்

என்.ஏ.சி. புட்டியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை அடிக்கும். சரக்கு கெட்டுப்போய்விட்டது என்று பதறி எனக்குத் தெரிந்த ஒருவர் அதைக் கடைக்கே திருப்பி எடுத்துப்போனார். கெடவில்லை, அது கந்தகத்தின் வாடை. என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற இந்த மருந்தின் வித்தை பெரும்பாலும் அந்தக் கந்தகத்தில்தான் இருக்கிறது. அந்த வித்தை எங்கே பலிக்கிறது என்பதுதான் கேள்வி. இருமலுக்கு, கல்லீரலுக்கு, மனச்சோர்வுக்கு என்று ஒரே குளிகையை மூன்று காரணம் சொல்லி விற்கிறார்கள்.

உறுதியான சான்று கல்லீரல் விஷயத்தில் இருக்கிறது, அதுவும் ஒரே ஒரு சூழலில். காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலில் சிறு பங்கைக் கல்லீரல் ஒரு நச்சுப்பொருளாக மாற்றுகிறது. குளுட்டாதயோன் என்ற காவல்பொருள் அதை அவ்வப்போது பிடித்து அகற்றிவிடும். அளவு மீறி மாத்திரை உள்ளே போனால் காவல்பொருள் தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களைத் தாக்கத் தொடங்குகிறது. குளுட்டாதயோனை மறுபடி உண்டாக்கத் தேவையான மூலப்பொருளைக் கொடுப்பதுதான் என்.ஏ.சி.யின் வேலை.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். வழக்கமான முறைப்படி கிலோவுக்கு 300 மில்லிகிராம், அதாவது மொத்தம் 18 கிராம் மருந்தை 21 மணி நேரத்தில் நரம்பு வழியே ஏற்றுவார்கள். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதி ஏறிவிடும். கடையில் விற்கும் 600 மில்லிகிராம் குளிகையில் கணக்குப் பார்த்தால் முப்பது குளிகை. விழுங்கி எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் ஏறக்குறைய முழுமையாகத் தப்பிவிடும். தாமதமாக ஆக அந்தப் பாதுகாப்பு குறையும்.

இந்தப் பெருமையைத்தான் புட்டியின் மேல் ‘கல்லீரலைக் காக்கும்’ என்று ஒட்டிவிடுகிறார்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ளவருக்குத் தினம் ஒரு குளிகை அதே நன்மையைச் செய்யும் என்று காட்டும் வலுவான ஆய்வு கிடையாது. கடுமையான மதுக் கல்லீரல் அழற்சிக்கு ஸ்டீராய்டுடன் சேர்த்து இதை நரம்பில் ஏற்றிப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளியானது. முதல் மாதத்தில் இறப்பு குறைந்தது. ஆறு மாதத்தில் அந்த வேறுபாடு உறுதியாக நிற்கவில்லை. அதுவும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கொடுத்த மருந்து, வீட்டில் விழுங்கிய குளிகை அல்ல.

சளிக்கு வருவோம். கெட்டிச் சளியில் நீண்ட இழைகளைக் கந்தகக் கட்டுகள் பின்னி வைத்திருக்கின்றன. மருந்து நேரடியாகப் பட்டால் அந்தக் கட்டு அறுந்து சளி இளகும், அதனால்தான் இதை ஆவியாக இழுக்கக் கொடுத்தார்கள். விழுங்கினால் கதை வேறு. குடலும் கல்லீரலும் பெரும்பகுதியை மாற்றிவிட, பத்தில் ஒரு பங்குகூட முழுசாக ரத்தத்துக்கு வருவதில்லை. புகைப்பழக்கத்தால் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் தினம் 600 மில்லிகிராமை மூன்று வருடம் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு (2005) பயன் காணவில்லை. சீனாவில் இரு வேளையாக 1200 கொடுத்தபோது (2014) நோய் முற்றும் தடவைகள் ஓரளவு குறைந்தன. அங்கேயே லேசான நோயாளிகளிடம் நடத்தி 2024-இல் வந்த ஆய்வில் அந்தப் பலனும் தென்படவில்லை. ஜலதோஷ இருமலுக்கு இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வறட்டு இருமலில் இளக்கச் சளியே இல்லையே.

மனச்சோர்வு விஷயத்தில் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஆய்வுகள் ஆசை காட்டின. இருமுனைக் கோளாறு உள்ள 75 பேருக்கு, ஏற்கெனவே எடுக்கும் மருந்தோடு தினம் 2 கிராம் சேர்த்துக் கொடுத்ததில் 24 வாரத்தில் முன்னேற்றம் தெரிந்தது (2008). பின்னர் மனச்சோர்வு உள்ள 252 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வில், முன்கூட்டியே குறித்திருந்த பன்னிரண்டாம் வாரத்தில் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை (2014). மனநல மருந்தை நிறுத்திவிட்டு இதைப் போடலாம் என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை.

வாந்தி, வயிற்றுக் கோளாறு வரலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் வைத்துக்கொள்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது, ரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலைவலி கிளம்பும். ஆஸ்துமா உள்ளவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகையில் சோடியம் அதிகம்.

வீட்டில் யாராவது பாராசிட்டமாலை அளவு மீறி விழுங்கியிருந்தால், அலமாரியில் இருக்கும் என்.ஏ.சி.யைக் கரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். முதல் நாள் வெறும் குமட்டலோடு, சில சமயம் அதுவும் இல்லாமல், ஆள் நன்றாகவே தெரிவார். காலி அட்டையையும் விழுங்கிய நேரத்தையும் கையோடு கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.