878 என்றால் 878தானா?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுக்கான விவரங்கள் 2021 நவம்பரில் வெளியாயின. அந்த அறிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் இருந்தாலும் பேசப்பட்டவை சிலதான். ஆயிரம் ஆண்களுக்கு 1,088 பெண்கள் இருப்பதாக ஓர் எண் சொன்னது. ஐந்தாண்டுகளில் பிறந்த குழந்தைகளில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 878 பெண் குழந்தைகள்தான் என்றது இன்னொன்று. முந்தைய சுற்றில் இது 954. நூற்றுக்கு 34.1 ஆக இருந்த சிசேரியன் பிரசவம் 44.9 ஆகியிருந்தது. பெண்கள் பெருகிவிட்டார்கள், பெண் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள் என்று அடுத்தடுத்த பக்கங்களில் படித்தால் யாருக்கும் குழம்பும். மூன்று எண்களும் ஒரே அறிக்கையில் இருப்பவைதான். ஆனால் மூன்றையும் ஒரே அளவுக்கு நம்பிவிட முடியாது.

முதலில், இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? தமிழ்நாட்டில் கணக்கெடுப்பாளர்கள் போனது சுமார் 28 ஆயிரம் வீடுகளுக்கு. மாநிலத்திலுள்ள கோடிக்கணக்கான வீடுகளோடு ஒப்பிட்டால் இது சொற்பம். வீடுகளை அவர்கள் விருப்பம்போல் தேர்ந்தெடுப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பட்டியலிலிருந்து முதலில் கிராமங்களையும், நகரங்களில் கணக்கெடுப்பு வட்டங்களையும் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். பெரிய ஊருக்குத் தேர்வாகும் வாய்ப்பு அதிகம். ஆனால் ஊர் பெரிதோ சிறிதோ, எடுப்பது 22 வீடுகள்தான். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழச் சமமாகிவிடுகிறது.

தேர்வான ஊருக்கு ஒரு குழு முன்கூட்டியே போய்த் தெருத்தெருவாக நடந்து, வரைபடம் போட்டு, எல்லா வீடுகளுக்கும் எண் கொடுக்கிறது. அந்தப் பட்டியலிலிருந்து சம இடைவெளியில் 22 வீடுகள் எடுக்கப்படுகின்றன. வீடு பூட்டியிருந்தால் திரும்பத் திரும்பப் போக வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்டு முடித்துவிடக் கூடாது. பகலில் பூட்டியிருக்கும் வீடு பெரும்பாலும் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு. அதை விட்டுவிட்டுத் திறந்திருக்கும் வீடுகளை மட்டும் எடுத்தால், வீட்டிலிருப்பவர்களின் வாழ்க்கைதான் மாநிலத்தின் வாழ்க்கையாகப் பதிவாகும். என்னைக் கேட்டால், ஒரு கணக்கெடுப்பு எத்தனை வீடு போனது என்பதைவிடப் பூட்டிய வீட்டை என்ன செய்தது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

இனி 878க்கு வருவோம். கணக்கெடுத்த வீடுகளில் ஐந்தாண்டுகளில் சுமார் 7,000 குழந்தைகள் பிறந்திருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 878 என்ற விகிதத்துக்கு, நூறு குழந்தைகளில் 46.8 பெண் குழந்தைகள் என்று பொருள். குலுக்கலில் வேறு வீடுகள் வந்திருந்தால் இந்த எண்ணும் சற்று மாறியிருக்கும். எவ்வளவு மாறும் என்பதைக் குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்தே கணக்கிடலாம். 7,000 குழந்தைகளுக்கு அது இரு பக்கமும் 1.2 புள்ளி. இதைத்தான் பிழை வரம்பு என்கிறார்கள். இப்படி நூறு கணக்கெடுப்பு நடத்தினால் ஏறக்குறைய 95-இல் உண்மையான அளவு அதனதன் வரம்புக்குள் விழும். 45.6-க்கும் 48-க்கும் இடைப்பட்ட இந்த வீச்சைத் திரும்ப விகிதமாக மாற்றினால் 838-இலிருந்து 920 வரை வருகிறது.

முந்தைய சுற்றின் 954-ஐயும் இதே போலக் கணக்கிட்டால் 909-இலிருந்து 1,000 வரை. இரண்டு வீச்சுகளும் ஓரத்தில் உரசிக்கொள்கின்றன. அதனால் மாற்றமே இல்லை என்று முடிவு கட்டிவிடவும் முடியாது, ஏனெனில் வித்தியாசத்துக்குத் தனியாக ஒரு பிழை வரம்பு உண்டு. இரண்டு சுற்றுகளுக்கும் இடையே பெண் குழந்தைகளின் பங்கு சுமார் 2 புள்ளி குறைந்திருக்கிறது. அந்தக் குறைவின் பிழை வரம்பு 1.7 புள்ளி. குறைந்திருக்கிறது என்று சொல்லலாம்; எவ்வளவு என்று அடித்துச் சொல்ல முடியாது. அரைப் புள்ளிக்கும் கீழே இருக்கலாம், மூன்றரைப் புள்ளியையும் தாண்டியிருக்கலாம். ஆயிரத்துக்கு 76 பெண் குழந்தைகளை இழந்துவிட்டோம் என்று எழுதுவது அறிக்கை சொல்லாத துல்லியம். ஆனால் இயற்கையில் இந்த விகிதம் 950-ஐ ஒட்டியிருக்கும். நம் வீச்சின் மேல்முனையே 920-ஐத் தாண்டவில்லை. பெண் குழந்தைகள் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை என்ற கவலை நியாயமானது.

மாவட்டவாரியாகப் பிரித்தால் நிலைமை மோசம். அந்த 7,000 குழந்தைகளை 32 மாவட்டங்களுக்குப் பங்கிட்டால் ஒரு மாவட்டத்துக்குச் சுமார் 220. அங்கே பிழை வரம்பு 6.6 புள்ளி. அதாவது மாவட்டம் ஒன்றில் 878 என்று வந்தால் உண்மை 670-இலும் இருக்கலாம், 1,140-இலும் இருக்கலாம். இந்த எண்ணை வைத்து எந்த மாவட்டம் முதலிடம், எந்த மாவட்டம் கடைசி என்று பட்டியல் போடுவதில் பொருளே இல்லை. மாவட்ட அறிக்கையில் சில எண்களுக்கு அடைப்புக்குறியும் சிலவற்றுக்குப் பதிலாக நட்சத்திரக்குறியும் இருக்கும். 50-க்கும் குறைவானவர்களிடம் கேட்டது என்றால் அடைப்புக்குறி, 25-க்கும் குறைவு என்றால் எண்ணே தராமல் நட்சத்திரம். செய்தியாகும்போது முதலில் உதிர்வது அந்த அடைப்புக்குறிதான்.

1,088 என்ற எண்ணின் கதை வேறு. பிழை வரம்பு அதைக் காப்பாற்றாது. நாடு முழுவதுக்கும் ஆயிரத்துக்கு 1,020 பெண்கள் என்று இதே கணக்கெடுப்பு சொன்னது. அதற்காகப் போனது 6 லட்சத்து 36 ஆயிரம் வீடுகளுக்கு என்பதால் பிழை வரம்பு மிகச் சிறியது. ஆனாலும் இந்தியாவில் பெண்கள் ஆண்களை மிஞ்சிவிட்டார்கள் என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. இது வீடுகளில் எடுக்கும் கணக்கு. முந்தைய இரவு அந்த வீட்டில் தங்கியவர்களைத்தான் இந்த விகிதத்துக்கு எண்ணுகிறார்கள். விடுதி, ராணுவ முகாம், சிறை இவற்றில் இருப்பவர்கள் இந்த வலைக்குள் வருவதே இல்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் ஊரிலுள்ள வீட்டில் எண்ணப்பட மாட்டார். வீட்டைவிட்டு வெளியே தங்குபவர்களில் ஆண்களே அதிகம் என்பதால், வீட்டுக்குள் எண்ணினால் பெண்கள் கூடுதலாகத் தெரிவார்கள். இன்னும் பத்து லட்சம் வீடுகளைச் சேர்த்தாலும் இந்தக் கோணல் நிமிராது.

சிசேரியன் கணக்கில் இத்தனை சிக்கல் இல்லை. ஒரே ஊரின் 22 வீடுகளும் பெரும்பாலும் ஒரே மருத்துவமனையை நாடுபவை என்பதால் பிழை வரம்பைச் சற்றுக் கூட்டித்தான் வைக்க வேண்டும். அப்படியும் அது சுமார் 2 புள்ளிதான். கூடியதோ கிட்டத்தட்ட 11 புள்ளி. சிசேரியன் பெருகியிருக்கிறது என்று தாராளமாக எழுதலாம். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம் என்ற இடைவெளியும் தற்செயலாக வரக்கூடியதல்ல.

ஆனால் தனியார் மருத்துவமனைகள் தேவையில்லாமல் அறுக்கின்றன என்ற அடுத்த வரிக்கு இந்த அறிக்கையில் ஆதாரம் இல்லை. தனியாருக்குப் போகிறவர்களும் அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களும் ஒரே வயதினரா, ஒரே உடல்நிலையினரா என்பதை இரண்டு சதவீதங்கள் சொல்லாது. முதல் பிரசவமா, முன்பே சிசேரியன் ஆனவரா, குழந்தை தலைகீழாக இருந்ததா, வலி தானாக வந்ததா என்று பிரசவங்களைப் பத்து வகையாகப் பிரிக்கும் ராப்சன் வகைப்பாடு என்ற முறை உண்டு. அந்த வகைகளுக்குள் தனியாரையும் அரசையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கத் தொடங்கும். அதற்கு வேண்டியவை மருத்துவமனைப் பதிவேடுகள். வீட்டு வாசலில் கேட்கும் கேள்விகள் போதாது.