இணையதளத்தைப் புதுப்பிக்கும் முன் எழுதவேண்டிய இரண்டு பக்கம்

“சைட் பழசாப் போச்சுங்க. நல்லா மாடர்னா மாத்திக் கொடுங்க. எவ்வளவு ஆகும்?”

சிறு வியாபாரிகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். இதே கேள்வியை மூன்று வெப் டெவலப்பர்களிடம் கேட்டால் ஒருவர் பதினைந்தாயிரம் என்பார், ஒருவர் அறுபதாயிரம் என்பார், இன்னொருவர் இரண்டு லட்சத்தில் நிற்பார். இதில் யாரும் ஏமாற்றவில்லை. மூவரும் மூன்று வேறு வேலைகளை மனதில் வைத்து விலை சொல்கிறார்கள். ஒரே வேலைக்கு மூன்று விலை வாங்க வேண்டுமென்றால் அந்த வேலை என்னவென்று கடைக்காரர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இரண்டு பக்கம் போதும்.

காங்கேயம் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை என்று வைத்துக்கொள்வோம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் என நான்கு சரக்கு. அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் என மூன்று அளவு. 2012இல் உறவுக்காரப் பையன் ஒருவன் செய்து கொடுத்த இணையதளம் இருக்கிறது. ஆர்டர் எல்லாம் போனிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. தீபாவளிக்கு முன் புதிய தளத்தில் நேரடியாக விற்க வேண்டும் என்பது உரிமையாளரின் ஆசை.

குறிப்பின் முதல் அரைப்பக்கம் புதிய தளத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது; பழைய தளத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் அங்கே வர வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான், பின்னால் அதிகம் அடிபடுவதும் இதில்தான். டொமைன் யார் பெயரில், எந்த நிறுவனத்தில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? அந்தப் பையன் இப்போது வெளிநாட்டில் இருந்து, பதிவு அவன் சொந்த மின்னஞ்சலில் இருந்தால், புதிய தளம் தயாராகி நிற்கும் நாளில் சாவி கையில் இருக்காது. அதை முதல் வாரத்திலேயே கடையின் பெயருக்கும் கடையின் மின்னஞ்சலுக்கும் மாற்றிவிட வேண்டும். ஹோஸ்டிங் கணக்குக்கும் இதே கேள்விகள்தான்.

அடுத்தது, எந்தப் பக்கத்துக்கு ஆள் வருகிறார்கள் என்பது. கூகுளின் சர்ச் கன்சோலில் தளம் முன்பே சேர்க்கப்பட்டிருந்தால் கடந்த 16 மாதக் கணக்கு அதில் கிடைக்கும். சேர்க்காதிருந்தால் இன்றே சேர்த்துவிடுவது நல்லது. நம் எண்ணெய்க் கடையில் பார்த்தால், முகப்புக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் வருவது, உரிமையாளரின் மனைவி எப்போதோ எழுதிப் போட்ட ‘எண்ணெய்க் குளியல் எப்படி’ என்ற பக்கத்துக்கு. “அது பழசு, எடுத்துடலாம்” என்று அவர் சொல்லியிருப்பார். எடுத்திருந்தால் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் போயிருப்பார்கள்.

பக்கம் இருந்தாலும் முகவரி மாறினால் அதே கதிதான். கூகுள் பழைய முகவரியைத்தான் வைத்திருக்கும். அங்கே போனால் ‘பக்கம் இல்லை’ என்று வரும். அதனால் பழைய முகவரி ஒவ்வொன்றும் எந்தப் புதிய முகவரிக்குப் போக வேண்டும் என்று டெவலப்பர் சர்வரில் எழுதிவைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு வரிதான்:

```
Redirect 301 /oilbath.html /ennai-kuliyal/
```

301 என்றால் ‘நிரந்தரமாக இடம் மாறியது’ என்று பொருள். குறைந்தது ஓராண்டாவது இதை வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். “பழைய முகவரிகள் அனைத்துக்கும் 301 வேண்டும்” என்று குறிப்பில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் அது விலைக்குள் அடங்கிவிடும். எழுதாமல் விட்டால் அதைச் செய்வதும் விடுவதும் அவர் விருப்பம்.

2012 தளம் என்பதால் இன்னொரு சோதனையும் தேவை. தமிழ் எழுத்து எந்த எழுத்துருவில் இருக்கிறது? பாமினியில் தட்டச்சு செய்திருந்தால், திரையில் ‘நல்லெண்ணெய்’ என்று தெரிவது உள்ளே `ey;nyz;nza;` என்றுதான் இருக்கும். நல்லெண்ணெய் என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு. இப்படிக் குழம்பி வந்தால் மாற்றும் வேலை இருக்கிறது. அதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும்.

இனிப் புதிய பக்கங்கள். இதில் நீட்டி முழக்க எதுவும் இல்லை. முகப்பு, எண்ணெய்க்கு ஒன்றாக நான்கு பக்கம், செக்கைப் பற்றி ஒரு பக்கம், எண்ணெய்க் குளியல், தொடர்பு. அதோடு பணம் திருப்பித் தருவது, டெலிவரி, தனியுரிமை, விதிமுறைகள் என்ற நான்கு பக்கங்கள். இந்த நான்கையும் யாரும் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை. ஆனால் இவை இல்லாமல் பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் பொதுவாகக் கணக்கை அனுமதிப்பதில்லை. கடையின் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் சொல்கின்றன. உணவுப் பொருள் என்பதால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணும் கீழே இருக்கட்டும்.

வசதிகளை எழுதும் இடத்தில்தான் அதிகம் நிதானிக்க வேண்டும். “ஷாப்பிங் கார்ட் வேண்டும், அட்மின் பேனல் வேண்டும்” என்று பெயர்களை மட்டும் அடுக்கினால், ஒவ்வொன்றையும் டெவலப்பர் தன் போக்கில் புரிந்துகொள்வார். அதைவிட, யார் என்ன செய்கிறார், முடிவில் என்ன நடக்க வேண்டும் என்று எழுதுவதே மேல். இப்படி: “மதுரையில் இருக்கும் ஒருவர் போனில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய், ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்கிறார். பின்கோடு போட்டதும் கூரியர் கட்டணம் தெரிகிறது. யுபிஐயில் பணம் கட்டுகிறார். ஆர்டர் எண் அவருக்கும் எங்களுக்கும் மின்னஞ்சலில் வருகிறது.” இன்னொன்று: “தேங்காய் விலை ஏறினால் நானே கடையிலிருந்தபடி போனில் தேங்காய் எண்ணெய் விலையை மாற்ற வேண்டும். அதற்காக உங்களைக் கூப்பிடும்படி இருக்கக் கூடாது.” இப்படி எழுதிய வாக்கியங்களையே கடைசியில் தளத்தைச் சரிபார்க்கும்போதும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, நடந்தால் டிக். நடக்காவிட்டால் வேலை முடியவில்லை.

எழுதத் தொடங்கினால் மறைந்திருந்த கேள்விகளும் வெளியே வரும். நம் கடைக்காரரும் டெவலப்பரும் இப்படிப் பேசியிருக்கக்கூடும்:

“அண்ணா, கூரியர் எவ்வளவு போடட்டும்?”

“கிலோவுக்கு இவ்வளவுன்னு போட்டுக்க தம்பி.”

“ஒரு லிட்டர் பாட்டில் எவ்வளவு வெயிட் இருக்கும்ணா?”

ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். பாட்டிலும் அட்டைப்பெட்டியும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். கூரியர்காரர் அரைக் கிலோ கணக்கில் வாங்கினால் அதற்கு ஒன்றரைக் கிலோ கட்டணம். தளமோ ஒரு கிலோவுக்குத்தான் வாங்கியிருக்கும். பாட்டிலுக்குப் பாட்டில் நஷ்டம், மாதக் கடைசியில் கூரியர் பில் வரும்வரை தெரியாது. ஒவ்வொரு அளவையும் பேக் செய்து தராசில் வைத்து எடையைக் குறிப்போடு கொடுப்பது கடைக்காரரின் வேலை. இதை எந்த டெவலப்பராலும் ஊகிக்க முடியாது.

‘இந்த முறை வேண்டாதவை’ என்றும் ஒரு பத்தி இருக்க வேண்டும். மொபைல் ஆப், புள்ளி சேர்க்கும் திட்டம், வெளிநாட்டு டெலிவரி, ஆங்கிலப் பதிப்பு. இவை இல்லை என்று எழுதிவைத்தால் பாதியில் “அதையும் சேர்த்துடலாமே” என்ற பேச்சு எழும்போது, அது தனி வேலை, தனி விலை என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்கும்.

பட்ஜெட்டைச் சொல்லக் கூடாது, சொன்னால் அவ்வளவையும் கறந்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. தொகை தெரிந்தால்தான் எதை இப்போது செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்று அவரால் சொல்ல முடியும். நம் கடைக்காரர் கையில் 90,000 ரூபாய் இருக்கிறது என்று கொள்வோம். தளம் செய்ய 60,000. டெவலப்பர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால் அதற்கு 18 சதவீதம், 10,800. படம் எடுக்க 10,000. வாசகம் எழுத 8,000. ஆக 88,800. இவை சந்தை விலை அல்ல, கணக்கு எப்படிப் பிரிகிறது என்று காட்டத்தான். 90,000 இருக்கிறது என்று நினைத்தவருக்குத் தளத்துக்கு நிற்பது அறுபதுதான். டொமைன், ஹோஸ்டிங், பராமரிப்பு என ஆண்டுதோறும் கட்டுவதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்வே கட்டணம் அதற்கும் வெளியே: இரண்டு சதவீதம் என்றால் ஆயிரம் ரூபாய் ஆர்டருக்கு 20 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 3 ரூபாய் 60 காசு. எண்ணெயில் லாபம் மெலிது. விலை வைக்கும்போதே இதைச் சேர்க்க வேண்டும்.

பணத்தை நான்காகப் பிரித்துக் கொடுக்கலாம். தொடங்கும்போது 30 சதவீதம், வடிவமைப்பை ஒப்புக்கொண்டதும் 30, சோதனைக்குத் தளம் வந்ததும் 30, வெளியிட்டு இரண்டு வாரம் கழித்து 10.

வெளியீட்டு நாளைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். தீபாவளிப் பலகாரத்துக்கான எண்ணெய் ஆர்டர் ஒரு மாதம் முன்பே வரும். தடங்கல் ஏதும் இருந்தால் சரிசெய்ய இன்னும் சில வாரம் வேண்டும். ஆகவே செப்டம்பர் நடுவில் வெளியீடு. அதற்கு முன் இரண்டு வாரம் சோதனை. அதற்கு முன் ஆறு வாரம் கட்டும் வேலை. அப்படியானால் ஆடி பிறக்கும்போது ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டும். ஜூலை முடிவதற்குள் படமும் வாசகமும் எடைப் பட்டியலும் கைமாறியிருக்க வேண்டும். தளங்கள் தாமதமாவதற்கு டெவலப்பரை விடப் பெரும்பாலும் இந்தப் படமும் வாசகமும்தான் காரணம். கேட்வே அனுமதிக்கும் நாட்கள் ஆகும். அந்த நான்கு பக்கங்களையும் பழைய தளத்திலேயே இப்போதே போட்டு விண்ணப்பித்துவிட்டால் அது கட்டும் வேலையோடு சேர்ந்தே நகரும்.

வெளியிடும் நாள் செவ்வாய் அல்லது புதனாக இருக்கட்டும். வெள்ளி மாலை வெளியிட்டால் கோளாறு வரும் நேரத்தில் ஆள் கிடைக்காது. பழைய தளத்தின் முழு நகல் ஒன்றை எடுத்துவைத்து, பழைய ஹோஸ்டிங்கை இன்னும் ஒரு மாதம் வைத்திருப்பது நல்லது.

அன்று கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டும்போது பாதி வேலையில் இருக்கும் தளம் கூகுளில் வந்துவிடாதபடி டெவலப்பர் அதை மறைத்து வைத்திருப்பார். வேர்ட்பிரஸில் `Discourage search engines from indexing this site` என்ற ஒரு டிக்தான். வெளியீட்டு அவசரத்தில் அதை எடுக்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. தளம் திறக்கும், ஆர்டர் போட முடியும், எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் வாரங்கள் போகப்போக கூகுளிலிருந்து வருகிறவர்கள் குறைந்து நின்றேபோவார்கள். கணினியில் முகப்பைத் திறந்து, வலது சொடுக்கில் `View page source` எடுத்து, `noindex` என்று தேடிப் பாருங்கள். இருந்தால் உடனே டெவலப்பருக்கு போன் போடுங்கள். அடுத்த இரண்டு வாரமும் சர்ச் கன்சோலில் ‘கிடைக்காத பக்கங்கள்’ பட்டியலைப் பார்த்து, 301 விட்டுப்போன முகவரிகளை அவருக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள். டொமைன், ஹோஸ்டிங், அட்மின், கேட்வே ஆகிய எல்லாக் கணக்குகளும் கடையின் மின்னஞ்சலில் திறப்பதை நீங்களே உள்ளே போய்ப் பார்த்த பிறகு அந்தக் கடைசிப் பத்து சதவீதத்தைக் கொடுக்கலாம்.