ஆவியும் தே ஓவும்: உணவுப் படத்தின் பின்புலத்தை நீக்கும் முறை

உணவுக் கடைகளின் விலைப்பலகையில் காணும் படங்கள் பெரும்பாலும் எடுத்த இடத்தின் பின்புலத்தோடு அப்படியே வருவன அல்ல. அடுக்களை மேசைமேல் எடுத்த நிழற்படத்திலிருந்து உணவை மட்டும் பிரித்து, வேறொரு பின்புலத்தின்மேல் பொருத்துகின்றனர். இட்டலி, வடை போன்ற கெட்டிப் பொருள்களுக்கு இஃது எளிய வேலையே. விளிம்பைச் சுற்றிக் கோடிட்டு வெட்டினால் போதும். ஆனால் குழம்பிலிருந்து எழும் ஆவி, தட்டில் படர்ந்த எண்ணெயின் ஓரம், கண்ணாடிக் குவளையிலுள்ள தே ஓ ஆகிய மூன்றையும் அவ்வாறு வெட்டினால், ஆவி பஞ்சாகவும், குழம்பு காகிதத் துண்டாகவும், தேநீர் பிளாஸ்டிக்காகவும் மாறிவிடுகின்றன.

இதன் காரணம் படத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கணினியில் உள்ள படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. வடையின் நடுவிலுள்ள புள்ளி முழுவதும் வடைக்கே உரியது. ஆவியிலுள்ள ஒரு புள்ளியோ, ஒரு பங்கு ஆவியிலிருந்தும் மறு பங்கு பின்னாலுள்ள சுவரிலிருந்தும் வந்த ஒளியின் கலப்பாகும். இத்தகைய கலப்புகளைக் கணக்கிட்டு அடுக்கும் முறையைத் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்னும் இருவர் 1984ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் வகுத்துக் காட்டினர். ஆகவே இங்கே செய்ய வேண்டியது வெட்டுதல் அன்று, பாகம் பிரித்தல்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையொன்றின் பலகைக்குப் படம் வேண்டும். ஆவி பறக்கும் மீன் குழம்பு வெள்ளைத் தட்டில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு குவளை தே ஓ. தட்டையும் மேசையையும் நீக்கி, இவற்றை வாழையிலைப் படத்தின்மேல் வைக்க வேண்டும்.

முதலில் ஆவி. நாம் கண்ணால் காண்பது உண்மையில் நீராவி அன்று. நீராவி கண்ணுக்குத் தெரியாது. அது குளிர்ந்து உண்டான நுண்ணிய நீர்த்துளிகளே ஒளியைச் சிதறடித்து வெண்மையாகத் தோன்றுகின்றன. சுண்ணக்கட்டித் தூள் கரும்பலகைக்கு முன் பறந்தால் தெரியும். வெள்ளைச் சுவருக்கு முன் பறந்தால் தெரியாது. ஆவியும் அத்தகையதே. ஆதலால் கேமராவை நகர்த்தாமல், குழம்புக்குப் பின்னால் கறுப்பு வெல்வெட் துணியைத் தொங்கவிட்டு, பின்பக்கத்திலிருந்து சாய்வாக விளக்கொளி படுமாறு ஆவியைத் தனியே ஒரு படம் எடுத்துக்கொள்வர். ஃபோட்டோஷாப்பில் அப்படத்தை இலையின்மேல் வைத்து, அடுக்கின் கலப்பு முறையை Screen என்று மாற்றினால், கறுப்பு மறைந்து ஆவி மட்டும் நிற்கும். இங்கே கோடு வரையும் வேலையே இல்லை.

துணி கண்ணுக்குக் கறுப்பாகத் தோன்றினும் படத்தில் சற்றே சாம்பல் நிறமாக விழுவதுண்டு. அப்போது இலையின்மேல் நாற்கட்டமாக ஒரு மங்கல் தெரியும், அதுவே அடையாளம். Levels என்னும் கருவியால் அச்சாம்பலைக் கறுப்பாக்க வேண்டும். அளவு மீறினால் ஆவியின் மெல்லிய ஓரங்கள் அழிந்து, நடுப்பகுதி மட்டும் வெள்ளைக் கயிறுபோல் நிற்கும். இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. வெள்ளைப் பின்புலத்தின்மேல் வைக்கப் போகும் படத்தில் ஆவியைக் காட்ட இயலாது. சிலர் அங்கே ஆவிக்குச் சாம்பல் வண்ணம் பூசுகின்றனர். அது பார்ப்பவர்க்குச் சூடான குழம்பை அன்று, தீய்ந்த குழம்பையே நினைவூட்டும்.

அடுத்து எண்ணெயின் ஓரம். குழம்பு நடுவில் தடித்திருக்கிறது. விளிம்பில் எண்ணெய் மட்டும் மெல்லியதாய்ப் படர்ந்து, தட்டின் வெண்மையைச் செம்மஞ்சளாகக் காட்டுகிறது. அந்த ஓரம் வண்ணக் கண்ணாடியைப் போன்றது. ஆதலால் ஒரே படத்தை இரண்டு அடுக்குகளாக வைப்பது நல்லது. கீழடுக்கு Multiply முறையில் இருக்கும். அதில் தட்டின் வெண்மை மறையும், எண்ணெய்ச் சாயம் இலைமேல் படியும், குழம்பின் நிழலும் தங்கும். மேலடுக்கில் தடித்த குழம்பும் மீனும் மட்டும் தெரியுமாறு மறைப்பு இட வேண்டும். ஒன்றை மறக்கலாகாது. எண்ணெயின்மேல் மின்னும் வெள்ளைப் பொட்டுகளும் தட்டின் வெண்மையோடு சேர்ந்து மறைந்துவிடும். அவை போனால் குழம்பு காய்ந்ததாகத் தோன்றும். அந்தப் பொட்டுகளை மேலடுக்கில் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வேலை முடிந்தபின் படத்தை முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தால், விளிம்பில் வெள்ளை நூல் தெரிவது தட்டு எஞ்சியிருப்பதையும், கத்தியால் அறுத்தது போன்ற விளிம்பு எண்ணெய் தொலைந்ததையும் காட்டும்.

மூன்றாவதான தே ஓதான் கடினமானது. தே தாரிக்காக இருந்தால் பால் கலந்து ஒளி புகாது. வடையைப் போலவே வெட்டிவிடலாம். தே ஓவின் ஊடே பின்புலம் தெரிகிறது. அதுவும் நிறம் மாறித் தெரிகிறது. இதற்கு ஒரே குவளையை இரண்டு பின்புலங்களில் எடுக்க வேண்டும். ஒரு பொருளை இரு பின்புலங்களில் எடுத்தால் அதன் பங்கைக் கணக்காகவே கண்டுவிடலாம் என்பதை ஆல்வி ரே ஸ்மித், ஜேம்ஸ் பிளின் ஆகியோர் 1996இல் வெளியிட்ட கட்டுரை விளக்குகிறது. குவளைக்குப் பின்னும் கீழும் முதலில் கறுப்பு வெல்வெட், பிறகு வெள்ளை அட்டை. கேமரா முக்காலியில் அசையாதிருக்க வேண்டும். ஒளியளவு தானாக மாறாதபடி கையால் நிறுத்தப்பட வேண்டும். குவளையில் பனிக்கட்டி இருத்தல் ஆகாது. இரு படங்களுக்கு இடையே அது நகர்ந்துவிடும்.

வெள்ளை அட்டையின் ஒளியை 100 என்று கொள்வோம். தேநீரின் ஒரு புள்ளி, வெள்ளைக்கு முன் சிவப்பு 75, பச்சை 35, நீலம் 8 என்றும், கறுப்புக்கு முன் 8, 3, 2 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கறுப்புக்கு முன் தெரிவது குவளையும் தேநீரும் தாமே அனுப்பும் ஒளி. இரண்டின் வேறுபாடான 67, 32, 6 என்பது ஊடே வந்த ஒளி. அதாவது பின்புலத்தின் சிவப்பில் நூற்றுக்கு 67 பங்கும், பச்சையில் 32 பங்கும், நீலத்தில் 6 பங்குமே தேநீரைக் கடக்கின்றன. வாழையிலையின் ஒளி 20, 40, 10 என்றால், கடந்து வருவது ஏறத்தாழ 13, 13, 1. அதனுடன் 8, 3, 2 சேர்ந்தால் 21, 16, 3 ஆகிறது. இலைமேல் இருக்கும் தேநீருக்குரிய ஆழ்ந்த பழுப்பு இதுவே. வெள்ளையின்மேல் எடுத்ததை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தால் 75, 35, 8 என்றே நின்று, குவளைக்குள் விளக்கேற்றியது போல் தோன்றியிருக்கும்.

இக்கணக்கைப் புள்ளிதோறும் ஃபோட்டோஷாப்பே செய்யும். கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லாததால், படத்தை முதலில் 32 Bits/Channel என்னும் நிலைக்கு மாற்ற வேண்டும். வெள்ளைப் படத்தைக் கறுப்புப் படத்தின்மேல் Difference முறையில் வைத்து ஒன்றாக்க வேண்டும். அதை இலையின்மேல் Multiply முறையிலும், அதற்கும் மேலே கறுப்புப் படத்தை Linear Dodge (Add) முறையிலும் அடுக்க வேண்டும். குவளைக்கு வெளியே வேறுபாடு ஏறக்குறைய 100 ஆக இருப்பதால் இலை மாறாமல் நிற்கும். கண்ணாடியின் மினுக்கங்கள் கறுப்புப் படத்திலேயே இருப்பதால் அவையும் பிழைத்துக்கொள்ளும். இரு படங்களுக்கிடையே குவளை சிறிது நகர்ந்திருந்தாலும் விளிம்பில் இரட்டைக் கோடு விழும். அப்போது மீண்டும் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இம்முறை எவ்வளவு ஒளி கடக்கிறது என்பதைக் கூறுமேயன்றி, அவ்வொளி எப்படி வளைகிறது என்பதைக் கூறாது. நிறைந்த குவளை ஒரு வில்லையைப் போன்றது. பின்னால் உள்ளதை இடவலமாக மாற்றிக் காட்டும். இலையின் சீரான பச்சைப் பரப்பு பின்னால் இருந்தால் குறை தெரியாது. தடித்த நடுநரம்போ, கடையின் பெயரெழுத்தோ குவளைக்குப் பின்னால் வந்தால், அது வளையாமல் நேராகத் தெரிந்து குவளையை வெறுங்கூடாக்கிவிடும். ஆதலால் குவளையை நரம்பில்லாத பக்கமாகத் தள்ளி வைப்பர். கடைக்காரர் பெயரெழுத்து பின்னால்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்தால், அந்த எழுத்துப் பலகையையே குவளைக்குப் பின்னால் நிறுத்திப் படம் எடுத்துவிடுவர்.