கஜா மாதிரி புயல் வந்தா, கொடுத்த அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டியாச்சு, புயல் வந்து மண்டபமே போயிடுச்சு. பணம் யாருக்கு?

2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தது. கோடியக்கரை அந்தத் தாலுகாவிலதான் இருக்கு. ஒரு உதாரணத்துக்கு, அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தை கார்த்திகை முகூர்த்தத்துக்கு நீங்க புக் பண்ணியிருந்தீங்கன்னு வச்சுக்கோங்க. வாடகை 1 லட்சம், அட்வான்ஸ் 40,000. புயல்ல கூரை மொத்தமும் போயிடுச்சு.

முதல்ல, ரசீதுல புயல், வெள்ளம் பத்தி ஒண்ணுமே எழுதலைன்னு எடுத்துப்போம். அப்போ 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 56-வது பிரிவு வரும். ஒப்பந்தம் போட்ட பிறகு, மண்டபக்காரரால தடுக்க முடியாத ஒரு காரணத்தால வேலை நடக்கவே முடியாம போனா, ஒப்பந்தம் அந்த இடத்திலயே செல்லாததாகிடும். இதுதான் 'ஃபிரஸ்ட்ரேஷன்'. மீதி 60,000 நீங்க தர வேண்டாம். வேற மண்டபம் பிடிக்க ஆன கூடுதல் செலவை அவர்கிட்ட நஷ்ட ஈடா கேட்கவும் முடியாது. ஆனா 65-வது பிரிவுப்படி, வாங்கின 40,000-ஐ அவர் திருப்பித் தரணும்.

இப்போ ரசீதுக்குப் பின்னாடி பொடி எழுத்துல, "இயற்கைச் சீற்றம் ஏற்பட்டால் முன்பணம் திருப்பித் தரப்படாது, 6 மாதத்துக்குள் வேறு தேதி தரப்படும்"னு இருந்தா? இதுதான் 'ஃபோர்ஸ் மஜூர்' ஷரத்து. இது சட்டம் தானா தர்ற பாதுகாப்பு இல்ல, நீங்க ரெண்டு பேரும் முன்கூட்டியே ஒத்துக்கிட்ட ஏற்பாடு. அதனால பொதுவா அதுல எழுதினபடிதான் நடக்கும். ஒப்பந்தமும் முறியாது, தேதி மட்டும் தள்ளிப்போகும். எழுதியிருக்கிற விஷயத்துக்கே 56-ஐ நீட்ட முடியாது.

2017-ல எனர்ஜி வாட்ச்டாக் வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாச் சொல்லிடுச்சு: ஷரத்து இருந்தா 32-வது பிரிவு, ஒப்பந்தத்துக்கு வெளியில இருந்து வர்ற தடைன்னா 56. அந்த வழக்குல இந்தோனேசிய நிலக்கரி விலை ஏறிடுச்சுன்னு மின் நிறுவனங்கள் விடுதலை கேட்டாங்க. செலவு கூடுறது வேற, முடியாம போறது வேறன்னு கோர்ட் மறுத்துடுச்சு.

நம்ம உதாரணத்துக்கும் அதே கணக்குதான். மண்டபம் நல்லா இருக்கு, கரண்ட் மட்டும் இல்ல, ஜெனரேட்டர் வாடகை மூணு மடங்குன்னா, மண்டபக்காரர் 56-ஐக் காட்டி கைவிரிக்க முடியாது.

அதனால அட்வான்ஸை ஜிபே பண்றதுக்கு முன்னாடி ரசீதைத் திருப்பிப் பாருங்க. "திருப்பித் தரப்படாது"ன்னு இருந்தா, "மண்டபம் பயன்படுத்த முடியாத நிலையில் இருந்தால் முழுத் தொகையும் திரும்பும்"னு ஒரு வரி சேர்த்து கையெழுத்து வாங்கிக்கோங்க. புயலுக்கு அப்புறம் யாரும் அதைச் சேர்க்க மாட்டாங்க!