காலி இடத்துக்கு ஏது மின்னூட்டம்?

"சார், துளைன்னா எலக்ட்ரான் இல்லாத இடம்தானே? நகர்றது எலக்ட்ரான். அப்புறம் ஏன் நேர்மின்னூட்டம் ஓடுதுன்னு சொல்றீங்க?"

ஆசிரியர் போரான் கலந்த சிலிக்கான் பட்டை ஒன்றை மேசையில் வைத்தார். "இதுல மின்னோட்டம் விட்டு, குறுக்கே காந்தப்புலம் வைக்கிறோம். 1879-ல எட்வின் ஹால் தங்கத் தகட்டுல செஞ்ச சோதனைதான். நேரோ எதிரோ, ஓடுற மின்னூட்டம் ஒரே ஓரத்துக்குத்தான் ஒதுங்கும். எலக்ட்ரான் மட்டும் ஓடினா அந்த ஓரம்?"

"எதிர்மின்."

"வோல்ட்மீட்டர் நேர்மின்னு காட்டுது."

மாணவி முகம் சுளித்தாள். காலி நாற்காலிக் கதையை மட்டும் படித்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

"படிகத்துக்குள்ள எலக்ட்ரான் தனியா இல்லம்மா. அணுக்களோட இழுப்பும் சேருது. நிரம்பிய ஆற்றல் பட்டையோட உச்சியில இருக்கிற எலக்ட்ரானை வலப்பக்கம் தள்ளினா, அது இடப்பக்கம் முடுக்கம் அடையும். நிறை எதிர்க்குறியானது மாதிரி."

"எதிர்மின்னூட்டம், எதிர் நிறை... ரெண்டும் அடிபட்டு, நேர்மின் துகள் மாதிரியே வளையுமா?"

"அதேதான். இன்னொண்ணு: முழுசா நிரம்பின பட்டையில மொத்த மின்னோட்டம் பூஜ்யம். அதுல ஒரு எலக்ட்ரானை எடுத்துட்டா?"

"பூஜ்யத்துல இருந்து எதிர்மின்னைக் கழிக்கணும். மீதி நேர்மின்!"

"1929-ல பையர்ல்ஸ் இப்படித்தான் இந்தக் குறிப் புதிரை அவிழ்த்தார்."

"சிலிக்கானுக்கு வெளியே துளை உண்டா சார்?"

"கிடையாது. பொருளுக்குள்ள இருந்தாத்தான் துளை."