காபித்தூளில் ரோபஸ்டாவை ஏன் கலக்கிறார்கள்?

ஆர்.எஸ்.புரத்தில் கண்ணெதிரே வறுத்து அரைத்துக் கொடுக்கும் காபித்தூள் கடைகளில் நான்கு பெயர்கள் அடிக்கடி காதில் விழும்: பிளாண்டேஷன் ஏ, பீபெர்ரி, ரோபஸ்டா, சிக்கரி. "பீபெர்ரி மட்டும் போடுங்க, ரோபஸ்டா வேண்டாங்க" என்று கேட்டு வாங்குகிறவர்கள் நிறைய. சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டுகளிலும் '100 சதவீதம் அராபிகா' என்பது ஒரு தர முத்திரை மாதிரி அச்சாகிறது. ஆக ரோபஸ்டா என்றால் விலை குறைந்த சரக்கு, கலப்படத்துக்கு அண்ணன் முறை என்று ஒரு எண்ணம் ஊறிப்போய் இருக்கிறது. ஆனால் நாம் வீட்டில் பால் ஊற்றிக் குடிக்கிற டம்ளர் காபிக்கு அந்தக் கணக்கு சரிப்படுமா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநாள் படித்ததன் குறிப்புதான் இது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அராபிகாவும் ரோபஸ்டாவும் இரண்டு தனித்தனிச் செடி இனங்கள். பிளாண்டேஷன் ஏ என்பது இனம் இல்லை. பழத்தின் தோலையும் சதையையும் நீக்கி, தண்ணீரில் கழுவிக் காயவைத்த அராபிகா கொட்டையில், அளவு பார்த்துச் சலித்து எடுத்த பெரிய ரகம் அது. பீபெர்ரியும் இனம் இல்லை. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டி இருக்கும், அதனால்தான் ஒரு பக்கம் தட்டையாகிறது. சில பழங்களில் ஒன்று மட்டும் வளர்ந்து, இடம் தாராளமாகக் கிடைத்து, உருண்டையாகிவிடும். அதுதான் பீபெர்ரி. ரோபஸ்டாவிலும் பீபெர்ரி உண்டு. நம் கடைகளில் சும்மா 'பீபெர்ரி' என்றால் பெரும்பாலும் அராபிகா பீபெர்ரி என்று எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, இரண்டு இனத்துக்கும் என்ன வித்தியாசம்? அராபிகா குளிர்ச்சியைத் தேடும் செடி. நம் பக்கத்தில் சுமார் 1000 முதல் 1500 மீட்டர் உயரத்தில், நிழலில் நன்றாக வரும். சேர்வராயன், பழனி மலை, நீலகிரிச் சரிவுகள் எல்லாம் அதன் இடம். ரோபஸ்டா அதைவிடக் கீழே, 500 முதல் 1000 மீட்டரில், வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கி வளரும். கூடலூர் தாண்டி வயநாட்டுக்குள் இறங்கினால் கண்ணில் படுவது பெரும்பாலும் ரோபஸ்டாதான். இந்தியாவின் மொத்தக் காபி விளைச்சலில் ஏறக்குறைய 70 சதவீதம் ரோபஸ்டா என்பது, ஃபில்டர் காபிப் பெருமை பேசும் பல பேருக்குத் தெரியாத விஷயம்.

ரோபஸ்டா இங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு நோய் இருக்கிறது. 1869-ல் இலங்கைக் காபித் தோட்டங்களில் இலைத்துரு என்ற பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படியும், இலை கொட்டும், இரண்டு மூன்று வருஷத்தில் செடி காய்க்கவே திராணி இல்லாமல் போகும். அன்றைக்கு அங்கே இருந்தது அராபிகா. இருபது வருஷத்துக்குள் இலங்கையின் காபித்தொழில் படுத்துவிட்டது, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. நம்மூர்களிலிருந்து காபி பறிக்கப் போன குடும்பங்களின் வாரிசுகள் தேயிலை பறிக்கிறவர்களானது இந்தப் பூஞ்சையால்தான். தென்னிந்தியத் தோட்டங்களும் தப்பவில்லை. இந்த நோயைத் தாங்கும் செடியைத் தேடியபோது கிடைத்ததுதான், ஆப்பிரிக்காவின் தாழ்நிலக் காடுகளைச் சேர்ந்த ரோபஸ்டா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இந்தியாவுக்கு வந்தது.

வம்சாவளியிலும் ஒரு வேடிக்கை உண்டு. ரோபஸ்டா இனமும் யூஜினியாய்டிஸ் என்ற இன்னொரு காட்டுக் காபி இனமும் எப்போதோ இயற்கையாகக் கலந்து பிறந்ததுதான் அராபிகா. ரோபஸ்டாவுக்கு 22 குரோமோசோம்கள், அராபிகாவுக்கு 44. 'மட்டம்' என்று நாம் ஒதுக்குவது, 'உசத்தி'யின் பெற்றோரில் ஒன்றை!

இனி கொட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பச்சைக் கொட்டையில் அராபிகாவுக்குக் கஃபீன் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவுக்குச் சுமார் 2.2 சதவீதம். பூச்சிகளுக்கு எதிராகச் செடி வைத்திருக்கும் ஆயுதங்களில் ஒன்று கஃபீன், கீழ்நிலக் காட்டில் அது கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும். கசப்புக்கும் துவர்ப்புக்கும் காரணமான குளோரோஜெனிக் அமிலங்களும் ரோபஸ்டாவில்தான் அதிகம். மறுபுறம், சர்க்கரையும் எண்ணெய்ச் சத்தும் அராபிகாவில் அதிகம். வறுக்கும்போது சர்க்கரை வேறு பொருட்களோடு சேர்ந்து மாறித்தான் அந்த இனிய வாசனைகள் பிறக்கின்றன, எண்ணெய் அந்த வாசனையைப் பிடித்து வைக்கிறது. அதனால் அராபிகாவுக்கு மணமும் பழம் போன்ற மெல்லிய புளிப்பும் அமைகின்றன. ரோபஸ்டாவுக்குக் கசப்பும் கனமும், வறுத்த தானியம் போன்ற ஒரு வாடையும். டிகாக்‌ஷனில் கரைந்து வரும் பொருளும் ரோபஸ்டாவில் சற்று அதிகம். இன்ஸ்டன்ட் காபி ஆலைகள் அதை விரும்புவதற்கு விலை மட்டும் காரணமில்லை.

கலவையின் தேவை வருவது பால் ஊற்றும் இடத்தில். நாம் குடிப்பது டிகாக்‌ஷன் இல்லை. டிகாக்‌ஷன் ஒரு பங்கு என்றால் பால் இரண்டு மூன்று பங்கு, மேலே சர்க்கரை. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் காபியின் துவர்ப்புப் பொருட்களைப் பிடித்துக்கொள்கிறது, கொழுப்பு மணத்தை மட்டுப்படுத்துகிறது, சர்க்கரை கசப்பை மறைக்கிறது. தனி அராபிகாவின் மெல்லிய குணங்கள் இந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். மணம் கொஞ்சம் இருக்கும், ஆனால் 'காபி குடிச்ச மாதிரியே இல்லையே' என்று தோன்றும். ரோபஸ்டாவின் கசப்பும் கனமும் பாலைத் தாண்டி நாக்குக்கு வந்து சேரும். ஆனால் தனி ரோபஸ்டா போட்டால் மணம் போதாது, கசப்பு தொண்டையில் நிற்கும். மணத்துக்கு ஒன்று, அடித்தளத்துக்கு ஒன்று. இத்தாலியில் எஸ்பிரெஸோவுக்கு இரண்டையும் கலப்பதும் இதே தர்க்கம்தான், மேலே நிற்கும் நுரைக்கும் அங்கே ரோபஸ்டா உதவுகிறது. இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

சிக்கரி வந்ததும் கணக்கு இன்னும் சுவாரசியமாகிறது. சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்த பொடி. நிறமும் கெட்டித்தன்மையும் தரும், ஆனால் அதில் கஃபீன் துளியும் கிடையாது. அரைக் கிலோ தூளை எடுத்துக்கொள்வோம். அதில் சிக்கரி 100 கிராம், காபி 400 கிராம். காபியில் அராபிகா 240, ரோபஸ்டா 160 கிராம், அதாவது 60க்கு 40. அராபிகாவிலிருந்து கஃபீன் 240 × 1.2% = 2.88 கிராம். ரோபஸ்டாவிலிருந்து 160 × 2.2% = 3.52 கிராம். மொத்தம் 6.4 கிராம். சிக்கரியே இல்லாத, சுத்தமான அராபிகா அரைக் கிலோவில் 500 × 1.2% = 6 கிராம். பார்த்தீர்களா? ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி போட்ட பிறகும் கலவைத் தூளில்தான் கஃபீன் சற்று அதிகம். அதே 20 சதவீத சிக்கரியை அராபிகாவோடு மட்டும் சேர்த்தால் 4.8 கிராமுக்கு இறங்கிவிடும். சிக்கரி நீர்க்கச் செய்வதை ரோபஸ்டா ஈடுகட்டுகிறது. (பச்சைக் கொட்டையின் சராசரி அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு இது. வறுக்கும்போது எடை குறைவதால் எண்கள் கொஞ்சம் நகரும், ஆனால் ஒப்பீடு பெரிதாக மாறாது.) சாயங்காலக் காபிக்குப் பிறகு தூக்கம் வராதவர்கள் குறைக்க வேண்டியது சிக்கரியை இல்லை, ரோபஸ்டாவை!

அப்படியானால் ரோபஸ்டாவுக்குக் கெட்ட பெயர் எப்படி வந்தது? காரணம் பதப்படுத்தும் விதம். ரோபஸ்டாவில் பெரும்பகுதி பழத்தோடு களத்தில் பரப்பி அப்படியே உலர்த்தி எடுப்பது. வியாபாரத்தில் இதற்கு 'செர்ரி' என்று பெயர். பழுக்காததும், அழுகியதும், சரியாகக் காயாததும் இதில் கலந்துவிட வாய்ப்பு அதிகம். அப்போதுதான் சாக்கு வாடை, புழுங்கல் வாடை எல்லாம் வரும். பழுத்ததை மட்டும் பறித்து, அராபிகா மாதிரியே கழுவிக் காயவைத்ததற்கு ரோபஸ்டா பார்ச்மென்ட் என்று பெயர். அதே இனம், குடித்தால் வேறு சரக்கு. கசப்பு சுத்தமாக இருக்கும், வாடை இருக்காது. கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'ரோபஸ்டா போடுவீங்களா' என்பதில்லை, 'செர்ரியா பார்ச்மென்ட்டா' என்பதுதான்.

விலையும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டாம். ரோபஸ்டா வழக்கமாக மலிவு, அதனால் சொல்லாமல் விகிதத்தை ஏற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் 2024-ல் உலகச் சந்தையில் ரோபஸ்டா விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனபோதும் கலவைகளில் இரண்டும் தொடர்ந்தன. மலிவு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் ரோபஸ்டா அப்போதே வெளியேறியிருக்க வேண்டும்.

ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம்? அரைப்பதற்கு முன் கொட்டையைப் பாருங்கள். அராபிகா நீள்வட்டம், நடுக்கோடு வளைந்து ஓடும். ரோபஸ்டா சிறியது, உருண்டை, கோடு ஏறக்குறைய நேராக இருக்கும். பீபெர்ரி கேட்டிருந்தால் உருண்டையை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது, கோட்டையும் கவனியுங்கள். அரைத்துவிட்டால் கண்ணால் பிரிக்க வழியில்லை. ரோபஸ்டாவில் கணிசமாகவும் அராபிகாவில் இல்லை என்கிற அளவுக்கும் உள்ள ஒரு வேதிப்பொருளை வைத்து ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். சிக்கரியை மட்டும் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தூளைத் தூவினால் காபி கொஞ்ச நேரம் மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே அடியில் இறங்கும். பாக்கெட் தூளில் அந்த வேலையே தேவையில்லை. சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டாக வேண்டும், 49க்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். அராபிகா எவ்வளவு, ரோபஸ்டா எவ்வளவு என்பதுதான் பெரும்பாலும் உறையில் இருக்காது.

உங்களுக்கான விகிதத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். பிளாண்டேஷன் ஏ 100 கிராம், ரோபஸ்டா பார்ச்மென்ட் 100 கிராம், சிக்கரி இல்லாமல் தனித்தனியாக அரைத்து வாங்குங்கள். இரண்டு ஃபில்டரில் ஒரே அளவு தூள், ஒரே அளவு வெந்நீர் போட்டுத் தனித்தனி டிகாக்‌ஷன் இறக்குங்கள். பிறகு கலப்பதெல்லாம் ஸ்பூன் கணக்குதான். பத்து ஸ்பூனில் ரோபஸ்டா 0, 2, 4, 6 என்று நான்கு டம்ளர், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பால், சர்க்கரை. எங்கள் வீட்டில் பாலோடு 4 ஸ்பூன் டம்ளர்தான் முதலில் காலியானது. அதே நான்கையும் பால் இல்லாமல் வைத்தபோது 0 ஜெயித்தது. அதனால் பிளாக் காபி குடிக்கிறவர் '100 சதவீதம் அராபிகா' பாக்கெட்டைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. பால் காபிக்காரர் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கும் முன் இந்த நான்கு டம்ளரையும் ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்த்துவிடலாம்.