‘லாபம்’ என்னும்போது உதட்டைப் பாருங்கள்

இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி மேடையில் உட்கார்ந்து பேசுகிறார். பலமுறை பார்த்த முகம், நிதானமான பேச்சு. எலான் மஸ்க்குடன் சேர்ந்து ‘குவாண்டம் ஏஐ’ என்ற திட்டத்தில் ஈடுபட்டிருப்பதாகச் சொல்கிறார். இன்னொரு வீடியோவில் அதே முகம், இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகிறவர்கள் முதல் வேலை நாளிலேயே 3,000 டாலர், அதாவது ஏறத்தாழ இரண்டரை லட்சம் ரூபாய், சம்பாதிக்கலாம் என்கிறது. இந்த இரண்டில் எதையும் மூர்த்தி பேசவே இல்லை.

2023 டிசம்பரில் அவரே எக்ஸ் தளத்தில் இதை மறுத்தார். பிடிசி ஏஐ எவெக்ஸ், பிரிட்டிஷ் பிட்காயின் ப்ராஃபிட், இமீடியட் மொமென்டம் என்று சில செயலிகளின் பெயர்களைக் குறிப்பிட்டே, எதனோடும் தனக்குச் சம்பந்தமில்லை என்று எழுதினார். பிரபல நாளிதழ்களின் இணையதளம்போல வேடமிட்ட போலித் தளங்களில் இவை வருவதையும் சுட்டிக்காட்டினார். அதே மாதம் ரத்தன் டாடாவும், தன் பெயரில் சுற்றிய ஒரு முதலீட்டு வீடியோ போலி என்று இன்ஸ்டாகிராமில் எச்சரிக்க வேண்டிவந்தது. 2024 ஏப்ரலில் தேசியப் பங்குச் சந்தை, அதன் தலைமைச் செயல் அதிகாரி பங்குகளைப் பரிந்துரைப்பதுபோல் வரும் வீடியோக்களை நம்ப வேண்டாம் என்றது. அந்த ஆண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி, அதன் ஆளுநரின் பெயரில் வந்தவற்றுக்காக அதே எச்சரிக்கையை விடுத்தது.

இந்த வீடியோக்களில் மனிதர் முழுக்கப் போலி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மேடை உண்மை, நாற்காலி உண்மை, சட்டை உண்மை, நெற்றியும் கண்ணும் கையசைவும் உண்மை. மூர்த்தியின் போலி வீடியோ ஒன்றுக்கு ‘பிசினஸ் டுடே’ பத்திரிகையின் ‘மைண்ட்ரஷ்’ நிகழ்ச்சியில் அவர் உண்மையாகவே பேசிய பதிவு மூலமாகப் பயன்பட்டிருக்கிறது. மாற்றப்பட்டவை இரண்டுதான்: குரலும் வாயும். அதனால்தான் கண்ணை உற்றுப் பார்ப்பதிலும், பின்னணியில் தவறு தேடுவதிலும் பெரும்பாலும் பலன் இருப்பதில்லை. தேட வேண்டிய இடம் மூக்குக்குக் கீழே இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எதைத் தேடுவது என்பதும் புரிந்துவிடும். முதலில், பிரபலத்தின் பழைய பேட்டிகளிலிருந்து சிறிது நேரப் பேச்சை எடுத்து, அவர் குரலின் தன்மையைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பிறகு எந்த வாசகத்தைத் தட்டச்சு செய்தாலும் அதே குரலில் ஒலிப்பதிவு கிடைக்கும். அடுத்து, அந்த ஒலிக்குப் பொருந்தும்படி வாயை அசைய வைக்க வேண்டும். இந்தத் துறையில் பரவலாக அறியப்பட்ட மென்பொருள்களில் ஒன்றான ‘வேவ்2லிப்’ 2020-இல் ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்டது. பாடங்களையும் படங்களையும் வேறு மொழிக்கு மாற்றும்போது உதடு ஒட்டிவர வேண்டும் என்பது போன்ற நல்ல பயன்களுக்கானது அந்த ஆய்வு. ஒவ்வொரு சட்டகத்திலும் முகத்தின் கீழ்ப்பாதியை மறைத்துவிட்டு, மேல்பாதியையும் ஒலியையும் வைத்துக்கொண்டு, மறைத்த பகுதியை அது புதிதாக வரைகிறது. முகத்தை 96-க்கு 96 புள்ளிகள் கொண்ட சின்னச் சதுரமாகச் சுருக்கித்தான் இந்த வேலையைச் செய்கிறது. வரைந்து முடித்த சதுரத்தைப் பெரிதாக்கி மறுபடி முகத்தில் ஒட்டுகிறது.

ஒட்டுப்போட்ட துணியில் தையல் தெரிவதுபோல இதிலும் தெரியும். புருவத்தில் ஒவ்வொரு முடியும் துல்லியமாக இருக்கும்போது, உதட்டைச் சுற்றிய பகுதி மட்டும் மழுங்கி இருக்கும். பற்கள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே வெள்ளைப் பட்டையாகத் தோன்றும், அல்லது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே வடிவம் மாறும். தாடையின் ஓரத்தில் ஒரு மெல்லிய நடுக்கம் ஓடும். பேசுகிறவர் சட்டென்று பக்கவாட்டில் திரும்பும்போதும், கையோ மைக்கோ வாயைக் கடக்கும்போதும் மென்பொருள் திணறும். அந்த ஒரு நொடியில் உதடு மைக்கின்மேல் ஏறிவிடலாம், அல்லது கரைந்து மீண்டும் தோன்றலாம். மோசடிக்காரர்கள் அந்த இடங்களை வெட்டிவிடப் பார்ப்பார்கள். ஆகையால் பேச்சின் நடுவே அடிக்கடி வேறு காட்சிகள் செருகப்பட்டிருந்தால் அதையும் கவனிக்க வேண்டும்.

இவற்றில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது உதடு மூடும் எழுத்துகளை வைத்துச் செய்யும் சோதனை. ‘ப’, ‘ம’ இரண்டையும் உதடுகளை முழுதாக ஒட்டாமல் யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தின் பி, எம் ஒலிகளுக்கும் இதுவே விதி. ஒலிக்கும் உதட்டின் வடிவத்துக்கும் உள்ள இந்தப் பொருத்தத்தை வைத்துப் போலி வீடியோக்களைக் கண்டுபிடிக்கலாம் என்று அமெரிக்காவில் ஹனி ஃபரீத் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். உதட்டை ஒட்டவைக்கும் மென்பொருள் பல சமயங்களில் அந்த மூடலைத் தவறவிடுகிறது. ஒலி ‘ம’ என்று கேட்கும், படத்தில் உதடுகளுக்கு நடுவே ஒரு கீற்று இடைவெளி இருக்கும்.

மோசடிக்காரர்கள் தவிர்க்க முடியாத சொற்களில்தான் இந்த எழுத்துகள் நிறைந்திருக்கின்றன. பணம், லாபம், முதலீடு, மாதம், ரூபாய். ஆங்கிலத்தில் என்றாலும் மணி, ப்ராஃபிட், பிளாட்ஃபார்ம், மில்லியன். விளம்பரத்தைப் போனில் திரைப்பதிவு செய்து, கால்வாசி வேகத்தில் ஓடவிட்டு, இந்தச் சொற்கள் வரும் இடங்களில் நிறுத்துங்கள். ‘லாபம்’ என்பதில் உதடு இரண்டு முறை மூட வேண்டும். ஒருமுறை தவறினால் அது படத்தின் தரக்குறைவாக இருக்கலாம். ஐந்தாறு இடங்களில் திரும்பத் திரும்பத் தவறினால், அந்த வாய் அந்தச் சொற்களைப் பேசவில்லை.

அப்படியே கையையும் கவனியுங்கள். கையும் புருவமும் தலையசைவும் பழைய பேச்சுக்கு உரியவை. மனிதர் ஒரு சொல்லை அழுத்திச் சொல்லும்போதுதான் கை எழும். போலியில் அழுத்தம் ஓரிடத்திலும் கை வேறோர் இடத்திலும் விழும். குரல் நின்ற பிறகும் கை விளக்கிக்கொண்டிருக்கும். குரலிலும் ஒரு பொருத்தமின்மை உண்டு. பெரிய அரங்கில் பேசுகிறவரின் குரலில் அரங்கின் எதிரொலி இருக்க வேண்டும், நீண்ட வாக்கியத்துக்கு நடுவே மூச்சு வாங்க வேண்டும். மூடிய அறையில் பதிவு செய்ததுபோல் சுத்தமாக, மூச்சே விடாமல் ஒரே சீராக ஓடினால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் இந்தத் தடயங்களுக்கு ஆயுள் குறைவு. 2018-இல், போலி முகங்கள் சரியாகக் கண் சிமிட்டுவதில்லை என்று சிவேய் லியூவும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். விரைவிலேயே கண் சிமிட்டும் போலிகள் வந்துவிட்டன. வாயை வரையும் புதிய மென்பொருள்கள் 96 புள்ளிகளைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டன. அதோடு, விளம்பரத்தை வேண்டுமென்றே தரம் குறைத்து, போன் திரையின் ஓரத்தில் சின்னதாக ஓடவிட்டால் மழுங்கிய பல்லும் நடுங்கும் தாடையும் யாருக்கும் தெரியாது. வாயில் குறை கண்டுபிடித்தால் வீடியோ போலி என்று சொல்லலாம். குறை தெரியவில்லை என்பதால் அசல் என்று சொல்ல முடியாது.

அதனால் படத்துக்கு வெளியே இருக்கும் தடயங்கள்தான் நீடித்து நிற்பவை. மூலம் உண்மையான பேட்டி என்பது நமக்குச் சாதகம். வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் தேடுங்கள். அதே நாற்காலி, அதே சட்டை, அதே பின்திரையோடு முழுப் பேட்டி கிடைத்துவிட்டால், அங்கே அவர் எதைப் பற்றிப் பேசினார் என்று கேட்டுப் பார்க்கலாம். அடுத்து, விளம்பரம் கொடுத்த பக்கம். ஃபேஸ்புக்கில் ஒரு பக்கத்தின் வெளிப்படைத்தன்மைப் பகுதியைத் திறந்தால், அது எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது, எந்த நாட்டிலிருந்து நடத்தப்படுகிறது என்பது பெரும்பாலும் தெரியும். இந்தியத் தொழிலதிபர் இந்திய மக்களுக்கு அறிவிக்கும் திட்டம், சமையல் குறிப்புக்கோ விளையாட்டுக்கோ தொடங்கப்பட்டுப் பெயர் மாறிய பக்கத்திலிருந்து வர வேண்டிய அவசியமென்ன? பிறகு, சொடுக்கினால் போகும் முகவரி. தளத்தின் தோற்றம் நீங்கள் தினமும் படிக்கும் நாளிதழாக இருந்தாலும், உலாவியின் மேல்பட்டையில் இருக்கும் முகவரி அந்த நாளிதழுடையதாக இருக்காது.

அந்தப் பக்கத்தில் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான் கேட்பார்கள். கொடுத்த சற்று நேரத்தில் ஒருவர் அழைப்பார், தன்னைக் கணக்கு மேலாளர் என்பார். இத்தகைய திட்டங்களில் ஆரம்பத் தொகை பெரும்பாலும் 250 டாலரை ஒட்டி இருக்கும். இழந்தாலும் பரவாயில்லை என்று தோன்றும் அளவு அது. 2024-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஒரு செய்தியில், மஸ்க்கின் போலி வீடியோவை நம்பிய 82 வயது முதியவர் ஒருவரின் கதை இருக்கிறது. அவர் முதலில் போட்டது 248 டாலர். அடுத்த சில வாரங்களில் ஓய்வுக்காலச் சேமிப்பைக் காலிசெய்து அவர் அனுப்பிய மொத்தத் தொகை 6,90,000 டாலருக்கும் மேல்.

இடைப்பட்ட வாரங்களில் நடப்பது எளிய நாடகம். திரையில் ஒரு கணக்குப் பக்கம், அதில் நாள்தோறும் ஏறும் எண்கள். அங்கே எந்தப் பங்கும் வாங்கப்படுவதில்லை, எண்ணை மட்டும் யாரோ மாற்றுகிறார்கள். நம்பிக்கை வருவதற்காக ஒரு சிறு தொகையைத் திருப்பி எடுக்க விடுவதும் உண்டு. பெரிய தொகையை எடுக்க முயலும்போதுதான் வரி, கட்டணம், கணக்கைத் திறக்க முன்பணம் என்று புதிது புதிதாகக் கேட்பார்கள். உண்மையான தரகர் கட்டணத்தைக் கணக்கில் இருக்கும் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்வார். உங்கள் பணத்தை உங்களுக்குத் தருவதற்கு வெளியிலிருந்து இன்னும் பணம் அனுப்பச் சொன்னால், அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். முதலீட்டு ஆலோசகர் என்றோ தரகர் என்றோ சொல்கிறவரின் பதிவு எண்ணை செபியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால், வெட்கப்பட்டு வீட்டில் மறைப்பதில்தான் விலைமதிப்பற்ற நேரம் போகிறது. 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள், cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். இடையில் எங்காவது தங்கியிருக்கும்போது முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. விளம்பரத்தின் திரைப்பதிவு, தளத்தின் முகவரி, பேசிய எண்கள், பணப் பரிமாற்ற எண்கள் எதையும் அழிக்காதீர்கள். சில வாரங்கள் கழித்து, ‘இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று வழக்கறிஞரோ அதிகாரியோ போல ஒருவர் அழைக்கக்கூடும். நீங்கள் இழந்த தொகை அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கும். ஏமாந்தவர்களின் பட்டியல் மோசடிக்காரர்களிடம்தான் இருக்கிறது. அவர் கேட்கும் கட்டணத்தையும் கொடுக்காமல், அந்த எண்ணையும் அதே புகாரில் சேருங்கள்.